இருப்பாய்வு சமப்பட்ட பிறகும் மிஞ்சும் பிழைகள்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கடையின் மார்ச் 31 இருப்பாய்வை, அதாவது பேரேட்டில் உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் பற்று, வரவு என இரு பக்கமாகத் திரட்டிய பட்டியலை, எடுத்துக்கொள்வோம். பற்றுப் பக்கக் கூட்டல் 18,46,300 ரூபாய். வரவுப் பக்கம் 18,49,000. பற்றில் 2,700 குறைகிறது. இந்தத் தொகை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தாலே, இருப்பாய்வு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் பாதி விளங்கிவிடும்.

முதலில் இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாக மீண்டும் கூட்டிப் பாருங்கள். மேலிருந்து கூட்டும்போது தவறிய அதே இடத்தில் மறுபடியும் தவறுவது மனித இயல்பு. திசையை மாற்றினால் அந்தப் பழக்கம் உடையும். கூட்டல் சரி என்றால், பேரேட்டில் 2,700 இருப்புள்ள கணக்கு ஏதாவது இருப்பாய்வில் எழுதாமல் விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையா? இனி அந்த எண்ணையே விசாரிக்கலாம்.

2,700-இல் பாதி 1,350. பற்றில் எழுத வேண்டிய 1,350 ரூபாயை வரவில் எழுதினால் ஒரு பக்கம் 1,350 குறையும், மறு பக்கம் 1,350 கூடும், வித்தியாசம் இரண்டு மடங்காகும். அதனால் 1,350 என்ற தொகை வரும் பதிவுகளை முதலில் தேடுங்கள்.

அடுத்து 9-ஆல் வகுத்துப் பாருங்கள். 300 வருகிறது, மீதி இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். ஆயிரம் இடமும் நூறு இடமும் மாறினால், அந்த இரு இலக்கங்களின் வித்தியாசத்தை 900-ஆல் பெருக்கிய தொகை விழும். 2,700 என்றால் இலக்க வித்தியாசம் 3. ஆக 5,200 என்பது 2,500 ஆகியிருக்கலாம், 6,300 என்பது 3,600 ஆகியிருக்கலாம். ஒரு பூஜ்யம் விடுபட்டு 3,000 என்பது 300 ஆனாலும் இதே 2,700 தான் வரும். ஆகவே 9-ஆல் வகுபடுவது ஒரு தடயம் மட்டுமே. வகுபடாவிட்டால்தான் உறுதியாக ஒன்று சொல்லலாம்: அந்த வித்தியாசம் முழுவதும் ஒரே ஓர் இட மாற்றத்தால் வந்தது அல்ல. வித்தியாசம் சரியாக 100 அல்லது 1,000 என்றால், கொள்முதல் ஏடு, விற்பனை ஏடு போன்ற துணை ஏடுகளின் கூட்டலைச் சந்தேகிப்பதே விரைவான வழி.

நம் கடையில் ரொக்க ஏட்டில் மின்கட்டணம் 5,200 என்று சரியாக இருக்கிறது. பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போது 2,500 ஆகிவிட்டது. கண்டுபிடிக்கும் வரை 2,700 ரூபாயை, காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக வைக்கும் அநாமத்துக் கணக்கின் பற்றில் வைத்திருப்பார்கள். கண்டுபிடித்ததும் மின்கட்டணக் கணக்கில் பற்று 2,700, அநாமத்துக் கணக்கில் வரவு 2,700. இருப்பாய்வு சமப்பட்டுவிட்டது.

இங்கேதான் பலர் ஏட்டை மூடிவிடுகிறார்கள். வித்தியாசம் என்பது எல்லாப் பிழைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் நிகரத் தொகை. கொள்முதல் ஏட்டில் 1,000 அதிகமாகக் கூட்டி, விற்பனை ஏட்டிலும் 1,000 அதிகமாகக் கூட்டியிருந்தால் இரண்டும் மறைந்துபோகும். இந்த ஈடுசெய் பிழை அரிது. அதைவிடச் சாதாரணமாக நடப்பதும், அதிகம் கெடுப்பதும் வேறு.

மார்ச் 30 அன்று 36,500 ரூபாய்க்குச் சரக்கு வந்து இறங்குகிறது. பில் மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது, ஏப்ரலில்தான் பதிவாகிறது. கொள்முதலிலும் இல்லை, சரக்கு கொடுத்தவர் கணக்கிலும் இல்லை. இரு பக்கமும் ஒரே அளவு விடுபட்டதால் இருப்பாய்வுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மார்ச் 31 அன்று கிடங்கில் எண்ணியவர்கள் அந்தச் சரக்கையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். இறுதிச் சரக்கிருப்பு பேரேட்டிலிருந்து வருவதில்லை, எண்ணிக்கையிலிருந்து வருகிறது. விளைவு, லாபம் முழுசாக 36,500 ரூபாய் கூடிக் காட்டும். இதைப் பிடிக்க ஏட்டுக்கு வெளியே போக வேண்டும். மார்ச் கடைசி வாரத்துச் சரக்கு வரவுப் பதிவேட்டைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிடுங்கள். சரக்கு கொடுத்தவரிடம் கணக்கு அறிக்கை கேட்டு வாங்குங்கள். அவர் ஜிஎஸ்டி விவரத்தை நேரத்தில் தாக்கல் செய்திருந்தால், நம் பெயரில் வந்த கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும், ஏப்ரல் 14 வாக்கில் வரும் மார்ச் மாத GSTR-2B பட்டியலிலும் அந்தப் பில் இருக்கும்.

சொத்தைச் செலவாகவோ செலவைச் சொத்தாகவோ எழுதும் விதிப்பிழையும் இதே ரகம். 48,000 ரூபாய்க்கு வாங்கிய மின்னணுத் தராசைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினால் பற்று பற்றாகவே இருக்கிறது. தேய்மானம் 10 சதவீதம் என்றால் 4,800 போக, லாபம் 43,200 குறைந்து காட்டும்.

மோசடி ஒளிந்துகொள்ள விரும்புவதும் இந்த மௌனத்தில்தான். வசூல் செய்பவரும் பேரேடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 10,000 ரூபாயை அந்த ஆள் எடுத்துக்கொள்கிறார், பதிவு இல்லை. வியாழக்கிழமை இரண்டாவது வாடிக்கையாளர் கொடுத்த 10,000 ரூபாயை முதலாமவர் கணக்கில் வரவு வைக்கிறார். மூன்றாமவர் பணம் இரண்டாமவர் கணக்குக்குப் போகிறது. ஒவ்வொரு நாளும் ரொக்கத்தில் பற்று, ஒரு வாடிக்கையாளர் கணக்கில் வரவு. தினம் இருப்பாய்வு எடுத்தாலும் தினமும் சமமாகத்தான் இருக்கும்.

பிடிக்க வழி உண்டு. வாடிக்கையாளர்களுக்கு இருப்பு உறுதிக் கடிதத்தை அந்த எழுத்தர் கைக்குப் போகாமல் அனுப்ப வேண்டும். பதிலும் உரிமையாளருக்கே வர வேண்டும். ரசீதுப் புத்தகத்தின் தேதியையும் பேரேட்டு வரவின் தேதியையும் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். எல்லாருக்கும் மூன்று நான்கு நாள் தாமதமாகவே வரவு விழுகிறது என்றால் விசாரிக்க வேண்டியதுதான். யுபிஐ, காசோலை வசூலில் வங்கி அறிக்கையே அனுப்பியவர் பெயரைச் சொல்லிவிடும். பேரேட்டில் வேறு பெயர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்த ஆள் பத்து நாள் தொடர்ந்து விடுப்பில் போய், வேறொருவர் அந்த இருக்கையில் அமர்ந்தாலே இந்தச் சங்கிலி அறுந்துவிடும். வருடக்கணக்கில் விடுப்பே எடுக்காத காசாளரைப் பாராட்டுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"நாங்கள் டாலியில்தான் எழுதுகிறோம், எங்களுக்கு வித்தியாசமே வராது" என்று சிலர் சொல்வார்கள். உண்மை. பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரை அந்தக் கணக்கு மென்பொருள் சேமிக்கவே விடாது. தொடக்க இருப்புகளைத் தவறாக ஏற்றினால் மட்டும் திரையில் Difference in opening balances என்று ஒரு வரி தெரியும். ஆக, நான் முதலில் சொன்ன 2,700 வகைப் பிழைகளைக் கணினி ஏறக்குறைய ஒழித்துவிட்டது. விடுபட்ட பில், விதிப்பிழை, மோசடி ஆகியவற்றில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. மின்கட்டணத்தை 2,500 என்று தட்டினால் இப்போது ரொக்கத்திலும் 2,500 தான் போகும். வித்தியாசம் காட்டிக் கொடுத்திருக்கும் பிழையே மௌனப் பிழையாகிவிடுகிறது.

அதனால் இன்று இருப்பாய்வின் கடைசி வரியைவிட நடு வரிகளைப் படிப்பதில்தான் பயன் அதிகம். மாத வாடகை 8,000 என்றால் வருட இருப்பு 96,000. 88,000 என்று இருந்தால் ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது. 1,04,000 என்றால் ஒரு மாதம் இரு முறை ஏறியிருக்கலாம், அல்லது அடுத்த ஆண்டின் முன்பண வாடகை இதில் கலந்திருக்கலாம். ரொக்கக் கணக்கு வரவு இருப்பைக் காட்டினால் அது நடக்கவே முடியாத ஒன்று, கல்லாவில் இல்லாத பணத்தை யாராலும் கொடுக்க முடியாது. ஒரு வசூல் பதிவாகவில்லை, அல்லது ஒரு செலவின் தேதி முந்திவிட்டது. ஆண்டு முடிவில் மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும். ரொக்கக் கணக்கின் நாள்வாரி இருப்பை எடுத்து, எந்தெந்தத் தேதியில் வரவுக்குத் திரும்பியது என்று குறித்து, அந்தத் தேதிகளின் ரசீதுப் புத்தகத்திலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.