சாறி விளம்பரத்தில் எந்தப் பட்டன்?

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்புக் விளம்பரத்தின் கீழே வரும் சின்னப் பட்டனைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருவர் மருதமுனைக் கைத்தறிச் சாறிகளை வாங்கி, மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே விற்கிறார். முதல் விளம்பரத்துக்கு Shop Now பட்டனைப் போட்டார். பலர் அழுத்தினார்கள், ஒரு சாறியும் போகவில்லை. அழுத்தியவர் போய் நின்றது அவரது பேஸ்புக் பக்கத்தில். அங்கே விலையும் இல்லை, வாங்கும் வழியும் இல்லை. அதோடு, விளம்பர நோக்கமாக அவர் தெரிவு செய்தது Traffic. அப்படிச் செய்தால் பேஸ்புக் அழுத்துகிற பழக்கமுள்ளவர்களைத் தேடிக் காட்டும், வாங்குகிறவர்களை அல்ல.

பிறகு விளம்பரத்தை இரண்டாகப் பிரித்தோம். முதலில் தறி ஓடுகிற சின்ன வீடியோ, பட்டன் Learn More. அழுத்தினால் நூல், சாயம், விலை எல்லாம் எழுதிய பக்கம். இது அவரை அறியாதவர்களுக்கு. ‘இன்றே வாங்குங்கள்’ என்று எழுதவில்லை. பெயரே தெரியாத கடைக்கு யார் உடனே காசு கொடுப்பார்? ‘ஒரு சாறி எப்படி நெய்யப்படுகிறது, பாருங்கள்’ என்று மட்டும் எழுதினோம்.

அந்த வீடியோவைப் பாதிக்கு மேல் பார்த்தவர்களைத் தனிக் குழுவாகச் சேர்க்க பேஸ்புக்கிலேயே வசதி உண்டு. அவர்களுக்குத்தான் இரண்டாவது விளம்பரம், வட்ஸ்அப் பட்டனோடு. ஆனால் குழுவில் ஆட்கள் மிகக் குறைவென்றால் விளம்பரம் ஓடாமலே நின்றுவிடும். அதனால் முதல் வீடியோவை ஓடவிட்டு, ஆட்கள் சேரும்வரை பொறுக்க வேண்டும். பலர் பொறுக்காமல் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. வட்ஸ்அப் பட்டனை அழுத்தியதும் பெட்டியில் ஒரு வசனம் தானாகவே எழுதப்பட்டு நிற்கும். ‘வணக்கம், மேலும் விபரம் தேவை’ என்று அது இருந்ததால், சும்மா அனுப்பிவிட்டுப் போனவர்கள் நிறைய. தங்கச்சி பதில் எழுதியே களைத்துப் போனார். அந்த வசனத்தை ‘பச்சை நிறம் இருக்கிறதா? விலை என்ன?’ என்று மாற்றினோம். வந்த செய்திகள் குறைந்தன. வந்தவர்கள் சாறியைக் கேட்டார்கள்.

இன்னொன்று. பட்டனில் உள்ள சொல்லை நாம் விரும்பியபடி எழுத முடியாது, பேஸ்புக் தரும் பட்டியலில்தான் எடுக்க வேண்டும். பார்ப்பவரின் போன் ஆங்கிலத்தில் இருந்தால் பட்டனும் ஆங்கிலத்தில்தான் தெரியும். அதனால் பட்டனுக்குப் பக்கத்தில் வரும் தலைப்பைத் தமிழில் எழுதி, அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அங்கே சொன்னோம்: ‘நிறம் பார்க்க, விலை கேட்க வட்ஸ்அப்பில் வாருங்கள்.’

விலை கேட்டுவிட்டுப் பேசாமல் போனவர்களுக்கு விளம்பரமே போடவில்லை. இரண்டு நாள் கழித்து, கேட்ட நிறத்தின் படத்தைத் தங்கச்சியே அனுப்பினார்.