சாவுச் செய்தி கேட்டதும் வருகிற சிரிப்பு

வணக்கம் மக்களே. பெங்களூரு அல்சூரிலிருந்து பேசுகிறேன். வெளியே வண்டிச் சத்தம் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கச் செய்தி காதில் விழுந்த அடுத்த நொடியே சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதை வைத்து ஒரு பெண்ணுக்கு ஆயுசுக்கும் கெட்ட பெயர் வந்துவிடலாம் என்பதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் அவர்கள் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா சொல்றே, காலையில கூடப் பேசினாரே" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள். ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை சின்னச் சின்னதாகச் சிரிப்பு வந்தது. அவளுடைய நாத்தனார் அதைப் பார்த்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போன இடத்தில் "மாமன் செத்ததுக்குச் சிரிச்சாளாம்" என்று அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

நாத்தனார் பொய் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்த முகத்தில் வேறென்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது, கண் மட்டும் அகலத் திறந்து அப்படியே நின்றது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. மூச்சு மேலேயே நின்றது, குரல் கீச்சென்று வந்தது. போனைப் பிடித்த கை நடுங்கியது. அப்புறம் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தபின் நிற்கவே இல்லை.

சிரிப்பும் நடுக்கமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய ஆய்வு அது. 1963-ல் வெளியானது. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வரை சுவிட்சுகள் இருந்தன. உண்மையில் ஷாக் எதுவும் போகவில்லை, அந்த ஆள் நடிப்பவர். ஆனால் சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது.

அதிகாரத்துக்கு மனிதர்கள் எப்படிக் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்குத்தான் எல்லோரும் இந்த ஆய்வைச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. கலந்துகொண்டது 40 ஆண்கள். அவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, நாக்கு குழறியது, உதட்டைக் கடித்தார்கள், நகத்தைத் தங்கள் சதையிலேயே பதித்துக்கொண்டார்கள். அந்த 40 பேரில் 14 பேருக்குப் பதற்றச் சிரிப்பு வந்தது என்று மில்கிராம் எழுதியிருக்கிறார். ஆய்வு முடிந்து பேசும்போது, தாங்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, அந்தச் சிரிப்புக்கு ரசித்தோம் என்று அர்த்தம் இல்லை என்று அவர்கள் வலியப் போய்ச் சொன்னார்களாம். வாணியம்பாடிப் பெண் அந்தக் காரிய வீட்டில் சொல்ல நினைத்து வாய் திறக்காமல் விட்டதும் இதே வார்த்தைதான்.

ஏன் இப்படி வருகிறது? நம் முகத்துக்கு மூளையிலிருந்து இரண்டு வழியில் உத்தரவு வருகிறது. போட்டோவுக்குச் சிரிப்பது ஒரு வழி, அது நாம் வேண்டுமென்று செய்வது. இன்னொன்று மூளையின் உள்பகுதியிலிருந்து வருகிறது, உணர்ச்சி கிளம்பும் இடத்திலிருந்து. மூச்சு, குரல்வளை, முகத் தசை மூன்றையும் சேர்த்து இயக்கி சிரிப்பையோ அழுகையையோ வரவழைப்பது அந்த வழிதான், நம்மைக் கேட்டுக்கொண்டு அது நடப்பதில்லை. பெரிய அதிர்ச்சியில் உடம்பு முழுக்க முறுக்கேறி நிற்கும்போது, விஷயம் என்னவென்று மனது ஏற்பதற்குள் இது வெளியே வந்துவிடுகிறது. அடக்க அடக்க மூச்சு இன்னும் துண்டு துண்டாகி சிரிப்பு கூடத்தான் செய்யும். சாவு வீட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு தவித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வெட்கப்படும்போது வருவது கொஞ்சம் வேறு மாதிரி. டாக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளர் 1995-ல் இதை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். முதலில் பார்வை கீழே போகும். அடுத்து, வரும் சிரிப்பை அடக்க உதடு இறுகும். அதை மீறிச் சிரிப்பு வரும். தலை ஒரு பக்கம் திரும்பும், சிலர் கையால் முகத்தைத் தொடுவார்கள். எல்லாம் சுமார் ஐந்து நொடிக்குள் முடிந்துவிடும். 'தப்பு நடந்துவிட்டது, எனக்கும் தெரிகிறது, கோபப்படாதீர்கள்' என்று எதிரில் இருப்பவரிடம் சொல்கிற முகம் அது.

சொன்னால் பலன் இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 1982-ல் வந்த ஓர் ஆய்வில், கடையில் அடுக்கி வைத்த டாய்லெட் பேப்பர் ரோல்களை ஒருவர் தட்டிவிடுவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். கூச்சப்பட்டவரைத்தான் பார்த்தவர்களுக்குப் பிடித்தது, ஒன்றும் நடக்காததுபோல் நின்றவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் பள்ளியில் வாத்தியார் திட்டும்போது இதே சிரிப்பு வந்தால் "என்னடா இளிப்பு" என்று இன்னும் இரண்டு அடி விழும். மன்னிப்புக் கேட்கிற முகத்தை எகத்தாளம் என்று படித்துவிடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, எகத்தாளமா பதற்றமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்தோஷத்தில் சிரித்தால் கன்னம் மேலே ஏறும், கண்ணோரம் சுருங்கும் என்பார்கள். ஆனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், பதற்றச் சிரிப்பிலும் சில நேரம் கண் சுருங்கும். கையையும் மூச்சையும் பாருங்கள். சிரித்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். எகத்தாளமாகச் சிரிப்பவர் உங்கள் முகத்தை நேராகப் பார்ப்பார், மூச்சு சீராக இருக்கும். பதற்றத்தில் சிரிப்பவர் பார்வையை எங்கேயாவது ஒளிக்கப் பார்ப்பார்.

உங்களுக்கே வந்துவிட்டால் வாயை இறுக்கி மூடாதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். "அதிர்ச்சியில வந்துடுச்சு, மனசு தாங்கல" என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த ஆளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். விசாரணை வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. பக்கவாதம், தலையில் அடி, பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்க்குப் பிறகு, காரணமே இல்லாமல் அல்லது சின்னக் காரணத்துக்குச் சிரிப்போ அழுகையோ பொங்கி, நிறுத்த முடியாமல் போகலாம். மனதுக்குள் அந்த உணர்ச்சியே இருக்காது. சூடோபல்பர் அஃபெக்ட் என்று அதற்குப் பெயர். தாத்தாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. அப்படி வரும்போது போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முன்னால் அது வராமலும் போகலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரில் இருப்பவர்கள் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் போகலாம். பழைய சீட்டுகளையும் ஸ்கேனையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.