பன்னெண்டு பேர் பதில், ஒரே கட்டுரை

வணக்கம்ங்க. நான் கடலூர்ல இருந்து விவசாயப் பத்திரிகைக்கு எழுதுறேன். பல பேர்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டு, வர்ற சின்னச் சின்ன பதிலை எல்லாம் ஒரு கட்டுரையா கோக்குறது எப்படின்னு பேசச் சொன்னாங்க, பண்ருட்டி முந்திரியை வச்சே சொல்லிடுறேன்.

முந்திரியில என்ன பிரச்சினைன்னு பொதுவா கேட்டா ஒருத்தர் மழைம்பாரு, ஒருத்தர் விலைம்பாரு, அதை ஒண்ணா சேக்கவே முடியாது. அதனால, வண்டு வச்ச முட்டையில இருந்து வந்து மரத்தைக் குடையுற புழு, அதான் தண்டு துளைப்பான், அது வந்திருக்குன்னு எதைப் பாத்து கண்டுபிடிக்கிறீங்க, உடனே என்ன செய்றீங்க, இது மட்டும்தான் கேட்டோம். விவசாயிங்க, நாத்துப் பண்ணைக்காரங்க, வேளாண் அதிகாரிங்கன்னு 12 பேர், ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் மெசேஜ் போதும், கூடவே மரத்துக்கு என்ன வயசுன்னும் சொல்லணும்.

பதில் வந்ததும் பேரு பேரா வரிசையா போட்டா, படிக்கிறவருக்கு சொன்னதே திரும்பத் திரும்ப வரும். நாங்க பூச்சி மரத்தைத் தின்னுக்கிட்டே போற வரிசையில அடுக்கினோம். அடிமரத்துல சின்ன ஓட்டை, அதுல பிசினும் மரத்தூள் மாதிரி கழிவும் வழியுதுன்னு சொன்னவங்க முதல்ல. இலை மஞ்சளாகி உதிருதுன்னு சொன்னவங்க அடுத்து, ஏன்னா அது தெரியும்போது புழு பட்டைக்குள்ள நிறைய தூரம் குடைஞ்சிருக்கும். மரத்தை வெட்டி அப்புறப்படுத்திட்டேன்னு சொன்னவரு கடைசி. இப்படி அடுக்கினதும் 12 பதிலும் ஒரே கதையா ஓடுச்சு.

இதுல ரொம்ப முக்கியமானது ஒண்ணு, முரண்பாடு. தாரையும் மண்ணெண்ணெயையும் ஒண்ணுக்கு ரெண்டு பங்கா கலந்து தரையில இருந்து மூணடி வரைக்கும் பூசுனா மரம் தப்பிச்சிடும்னு ஒரு பெரியவர் சொன்னாரு, பூசியும் மரம் செத்துடுச்சுன்னு இன்னொருத்தர். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு "கருத்து வேறுபடுது"ன்னு எழுதினா விவசாயிக்கு என்ன பிரயோஜனம் சொல்லுங்க? திரும்ப போன் பண்ணி "எப்போ பூசுனீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டோம். பெரியவர் புழு வர்றதுக்கு முன்னாடியே பூசியிருக்காரு, மத்தவரு பிசின் வழிஞ்சப்புறம். அந்தப் பூச்சு வண்டு பட்டை இடுக்குல முட்டை வைக்காம தடுக்கும், உள்ள இறங்கிட்ட புழுவைக் கொல்லாது, அதை பட்டையைச் செதுக்கித்தான் எடுக்கணும். ரெண்டு பேரு சொன்னதும் சரி, கட்டுரையில அந்த "எப்போ"தான் நடுவுல நின்னுச்சு.

அப்புறம், நாலு பேர் ஒரே மாதிரி சொன்னா நாலு சாட்சின்னு எடுத்துக்காதீங்க. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேளுங்க, நாலு பேருமே ஒரே பயிற்சி முகாம்ல கேட்டதுன்னா அது ஒரு சாட்சிதான்.

கடைசியா, சுருக்கின பதிலை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்கவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க. "மரத்தைச் சுத்தி இருக்கிற பட்டையில பாதிக்கு மேல போயிருந்தா வெட்டிடுவேன்"னு ஒருத்தர் சொல்லியிருப்பாரு, அதைச் சுருக்கும்போது "பாதிக்கு மேல" விழுந்துட்டா பொழைக்கிற மரத்தையும் ஒருத்தர் வெட்டிடுவாரு.