நாள் சம்பளம் 420 வெள்ளி: காண்ட்ராக்ட் வேலைக்கு மாறலாமா?

கேள்வி: "வணக்கம் அண்ணே. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில டெஸ்ட் இன்ஜினியரா பெர்மனன்ட் வேலையில இருக்கேன். சம்பளம் 6,500, வருஷத்துக்கு ஒரு மாச போனஸ், 14 நாள் லீவு, குடும்பத்துக்கு மெடிக்கல் கார்டு. இப்ப ஒரு ஏஜென்சி மூலமா இன்னொரு கம்பெனியில ஒரு நாளைக்கு 420 வெள்ளின்னு 12 மாச காண்ட்ராக்ட் வருது. அப்புறம் பெர்மனன்ட் பண்ணுவாங்களாம். மாசம் 9,240 வரும்னு ஏஜென்ட் சொல்றாரு. போகலாமா?"

வணக்கம் தம்பி. அந்த 9,240-ஐ முதல்ல பிரிச்சுப் பார்ப்போம். 420-ஐ 22 நாளால பெருக்கியிருக்காரு. 22 நாள் கணக்குல போனா வருஷத்துக்கு 264 வேலை நாள் வரணும். வருஷத்துல சனி ஞாயிறு கழிச்சாலே 261 நாள்தான் இருக்கு. அதுலயும் பொது விடுமுறை இருக்கு, உங்க லீவு இருக்கு, காய்ச்சல் வந்தா எம்சி இருக்கு. பினாங்குல வார நாள்ல விழற பொது விடுமுறை 15-னு வைங்க, இப்ப எடுக்கிற மாதிரியே லீவு 14, எம்சி 4. மிச்சம் 228 நாள். வேலை செஞ்ச நாளுக்குத்தான் காசுன்னா, 228-ஐ 420-ஆல பெருக்குங்க. 95,760 வெள்ளி. ஏஜென்ட் சொல்ற கணக்குல 1,10,880 வந்திருக்கும். பதினஞ்சாயிரம் அங்கேயே போச்சு.

பிப்ரவரி மாசத்தை எடுத்துப் பாருங்க, இன்னும் தெளிவா புரியும். 28 நாள்ல சனி ஞாயிறு போனா 20 நாள். சீனப் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் போகுது. தைப்பூசமும் அந்த மாசத்துல விழுந்தா 17. ஒரு நாள் எம்சி எடுத்தீங்கன்னா 16 நாள், 6,720 வெள்ளி. இன்னைக்கு அதே பிப்ரவரியில உங்க கம்பெனி 6,500 சம்பளமும் அதுக்கு மேல 780 இ.பி.எஃப்.பும் போடுது, மொத்தம் 7,280. வருஷக் கடைசியில ஃபேக்டரி ஒரு வாரம் ஷட்டவுன் பண்ணுதான்னும் கேட்டுக்குங்க. பெர்மனன்ட் ஆளுங்களுக்கு அது லீவுல கழியும், நாள் கணக்கு ஆளுக்கு அந்த வாரம் பணமே வராது.

இப்ப உங்ககிட்ட இருக்கறதோட உண்மையான விலை என்னன்னு பார்ப்போம். சம்பளம் 78,000, போனஸ் 6,500, ரெண்டும் சேர்த்து 84,500. சம்பளம் 5,000-க்கு மேல இருக்கறதால முதலாளி பங்கு இ.பி.எஃப். 12 விழுக்காடு, போனஸுக்கும் சேர்த்து 10,140. சொக்சோவுக்கும் இ.ஐ.எஸ்.சுக்கும் முதலாளி பங்கு வருஷத்துக்கு சுமார் 1,400. ஆக 96,000. மெடிக்கல் கார்டை நீங்களே வாங்கணும்னா, உங்க வயசையும் குடும்பத்தையும் பொறுத்து மாறும். நான் மாசம் 300-னு வச்சுக்கிறேன், வருஷத்துக்கு 3,600. மொத்தம் 99,600 கிட்ட. இதை 228-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 437 வெள்ளி. வெறுமனே இன்னைக்கு இருக்கற இடத்துல நிக்கறதுக்கே 437 வேணும், உங்களுக்கு வந்திருக்கறது 420.

இந்தக் கணக்கு ஒரு சூழ்நிலைக்கு மட்டும்தான் சரி. அதாவது நீங்க ஏஜென்சிக்கு இன்வாய்ஸ் அனுப்பி, சுயதொழில் பண்ற ஆளா பணம் வாங்கினா. அதே ஏஜென்சி உங்களைத் தன்னோட தொழிலாளியா எடுத்து, 12 மாச ஒப்பந்தம் போட்டு, நாள் சம்பளம் குடுத்தா கதையே வேற. அதனால ஏஜென்ட்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இது வேலை ஒப்பந்தமா, சேவை ஒப்பந்தமா? என் பேருக்கு யார் இ.பி.எஃப். கட்டுவாங்க?" வாய்ல சொன்னா போதாது, மின்னஞ்சல்ல கேட்டு பதிலை வாங்கிக்குங்க.

தொழிலாளின்னா என்ன கிடைக்கும்னு சொல்றேன். 2023 ஜனவரி 1-ல இருந்து 1955-ஆம் வருஷ வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்துது. 4,000 வெள்ளிக்கு மேல வாங்கறவங்களுக்கு ஓவர்டைம் மாதிரி சில பிரிவு மட்டும் கிடையாது. நாள் சம்பளம்கிறதால உரிமை போயிடாது. வருஷத்துக்கு 11 பொது விடுமுறைக்குச் சம்பளம், முதல் ரெண்டு வருஷத்துக்கு வருஷம் 8 நாள் லீவு, 14 நாள் வரைக்கும் எம்சி, எல்லாத்துக்கும் சம்பளம் உண்டு. ஒப்பந்தத்துல "வேலை இல்லேன்னா சம்பளம் இல்ல"ன்னு ஒரு வரி எழுதியிருந்தாலும், சட்டத்துக்குக் குறைவான அந்த நிபந்தனை செல்லாது.

இப்ப திரும்பக் கணக்குப் போடுங்க. நீங்க வேலை செய்யற 228, சம்பளத்தோட 11 விடுமுறை, 8 லீவு, 4 எம்சி, ஆக 251 நாள். 420-ஆல பெருக்கினா 1,05,420. மேல 12 விழுக்காடு இ.பி.எஃப். சேர்த்தா 1,18,000. சொக்சோ, இ.ஐ.எஸ்.சையும் கூட்டுங்க, இன்னைக்கு இருக்கறதைவிட வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20 ஆயிரம் கூடுதல். அதே 420தான். ஒரு காகிதத்துல நஷ்டம், இன்னொரு காகிதத்துல நல்ல லாபம்.

இதுக்கு நடுவுல ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். சில இடத்துல "ஆல்-இன்"னு சொல்வாங்க. அதாவது அவங்க சொன்ன 420-க்குள்ளேயே முதலாளி பங்கு இ.பி.எஃப்.பும் அடக்கம். அப்படின்னா உங்க உண்மையான நாள் சம்பளம் 375, முதலாளி பங்கு 45. அப்பவும் நீங்க இன்னைக்கு இருக்கறதைவிட ஏழாயிரம் மாதிரி மேலதான் நிக்கிறீங்க. ஆனா ஆஃபர் லெட்டர்ல 420-தான் சம்பளம்னு போட்டுட்டு, பேஸ்லிப்ல முதலாளி பங்கைக் கழிச்சாங்கன்னா அது வேற. முதலாளி தன் பங்கைத் தொழிலாளி சம்பளத்துல இருந்து பிடிக்கறது இ.பி.எஃப். சட்டப்படி குற்றம். முதல் பேஸ்லிப்லயே கழிவு பகுதியைப் பாருங்க. உங்க 11 விழுக்காடு இருக்கணும், அதுக்குப் பக்கத்துல இன்னொரு இ.பி.எஃப். கழிவு இருக்கக்கூடாது.

இன்னொண்ணு. இன்வாய்ஸ்காரர்னு எழுதியிருந்தாலும், அவங்க சொல்ற நேரத்துக்குப் போய், அவங்க மெஷின்ல, அவங்க சூப்பர்வைசர் சொல்றதைச் செஞ்சு, மாசாமாசம் பணம் வாங்கினா, எதிரா நிரூபிக்கற வரைக்கும் உங்களைத் தொழிலாளின்னே சட்டம் எடுத்துக்கும். 101சி பிரிவு. இது தொழிலாளர் துறைக்குப் போற நேரத்துல உதவும். ஆனா உங்க கணக்கை அந்த நம்பிக்கையில போடாதீங்க, காகிதத்துல இருக்கறதை வச்சுப் போடுங்க.

சேவை ஒப்பந்தம்தான்னு முடிவாச்சுன்னா, சொக்சோவும் மாறும். தொழிலாளியா இருக்கும்போது பாலத்துல வேலைக்குப் போற வழியில விபத்துன்னா சொக்சோ பார்த்துக்கும், வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயால வேலை செய்ய முடியாமப் போனாலும் நிபந்தனைப்படி இன்வாலிடிட்டி பென்ஷன் உண்டு. சுயதொழில் செய்யறவங்களுக்கான சொக்சோ திட்டம் தனியா இருக்கு, நீங்களே பதிஞ்சு கட்டணும், அது வேலை சம்பந்தப்பட்ட விபத்து, நோய்க்குத்தான். வருமான வரியும் மாசாமாசம் பிடிபடாது. ஜூன் 30-க்குள்ள பி ஃபாரம், நடுவுல எல்.எச்.டி.என். தவணை கேட்கும். கைக்கு வர்ற பணத்துல அதை ஒதுக்கி வைக்கலேன்னா அடுத்த வருஷம் திணறுவீங்க.

அடுத்தது "அப்புறம் பெர்மனன்ட் பண்ணுவாங்க". இதுக்கு நான் ஒரு வெள்ளிகூட மதிப்புப் போட மாட்டேன், எழுத்துல இல்லாத வரைக்கும். உங்களைப் பிடிச்சிருந்தாலும் மேனேஜர் கையில அது இல்ல. ஹெட்கவுண்ட் அனுமதி வேணும், அந்த வருஷம் ஆள் எடுக்கறதை நிறுத்தி வச்சிருந்தா நடக்காது. அது மட்டுமில்ல, ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் இடையில கன்வர்ஷன் ஃபீஸ்னு ஒண்ணு இருக்கலாம், குறிப்பிட்ட மாசத்துக்கு முன்னாடி உங்களை எடுத்தா கம்பெனி கட்டணும். அந்த மாசம் தாண்டற வரைக்கும் "பார்க்கலாம், பார்க்கலாம்"னுதான் பதில் வரும். அது எத்தனை மாசம்னு நேரடியா கேளுங்க. இந்த வேலைக்கு ஹெட்கவுண்ட் ஏற்கனவே அனுமதி ஆயிருக்கான்னும், போன வருஷம் இதே டிபார்ட்மெண்ட்ல எத்தனை காண்ட்ராக்ட் ஆள் உள்ள போனாங்கன்னும் கேளுங்க. கம்பெனி எச்.ஆர். எண்ணைச் சொல்லத் தயங்கினா அதையே பதிலா எடுத்துக்குங்க.

மாறும்போது சம்பளம் என்ன ஆகும்? நாள் சம்பளத்தை 22-ஆல பெருக்கி அப்படியே குடுப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. அவங்க கிரேடுல உள்ள சம்பளம்தான், 6,800 மாதிரி வரலாம். புதுசா புரொபேஷன், லீவு ஆரம்பத்துல இருந்து. காண்ட்ராக்ட்ல செஞ்ச ஒரு வருஷத்தை சர்வீஸா எண்ணுவாங்களா, புரொபேஷன் தள்ளுபடியா, சம்பளம் எந்த வரம்புக்குள்ள, இந்த மூணையும் இப்பவே லெட்டர்ல கேளுங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் குடுப்பாங்க.

வேலை பாதுகாப்பைப் பத்தி ஒண்ணு நேரா சொல்றேன். 6,500 வாங்கற உங்களுக்கு, ஆட்குறைப்பு நடந்தா சட்டத்துல உள்ள பணிநீக்க ஈட்டுத்தொகை தானா வராது, அது 4,000 வரைக்கும் வாங்கறவங்களுக்குத்தான். உங்க வேலை லெட்டர்ல என்ன எழுதியிருக்கோ அதுதான். ஆனா பெர்மனன்ட் ஆளை ஆட்குறைப்பு பண்ணா இ.ஐ.எஸ்.ல 60 நாளுக்குள்ள விண்ணப்பிச்சு, தகுதி இருந்தா முதல் மாசம் காப்புறுதி சம்பளத்துல 80 விழுக்காடு வாங்கலாம். காரணமில்லாம நீக்கினாங்கன்னா 60 நாளுக்குள்ள தொழிலுறவுத் துறையில 20-வது பிரிவுல புகார் போடலாம். காண்ட்ராக்ட் தேதி முடிஞ்சு வெளிய வந்தா இ.ஐ.எஸ். அதை வேலை இழப்பா எண்ணாது. ஒப்பந்தம் உண்மையிலேயே குறித்த காலத்துக்கானதா இருந்தா, அது நீக்கமும் ஆகாது. திரும்பத் திரும்பப் புதுப்பிச்சு நிரந்தர வேலை மாதிரியே நடத்தினா கோர்ட் அப்படி ஏத்துக்காது, 2020-ல ஃபெடரல் கோர்ட்டே அந்த மாதிரி வழக்குல தொழிலாளி பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனா முதல் 12 மாசத்துக்கு அது உங்களுக்கு உதவாது.

அதனால இடைவெளியையும் விலையில சேருங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்த வேலை கிடைக்க ஒரு மாசம்னா 21 நாள் போகுது. 228-ல 207 மிச்சம், 99,600-ஐ வகுத்தா 481. இன்வாய்ஸ் முறைன்னா 480-க்குக் கீழ நான் போக மாட்டேன். நோட்டீஸ் பகுதியையும் படிங்க. எழுதியிருந்தா ரெண்டு வார நோட்டீஸ்ல உங்களை வெளிய அனுப்பலாம். அப்படியானா "12 மாசம்"ங்கறது உறுதி கிடையாது, ரெண்டு வாரம்தான் உறுதி. நாலு வாரம் கேளுங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

வீட்டுக்கடன் எடுக்கற எண்ணம் இருந்தா, அதை முதல்ல முடிச்சுட்டு மாறுங்க. பேங்க் கேட்கறது பேஸ்லிப்பும் இ.பி.எஃப். ஸ்டேட்மெண்ட்டும்.

ஏஜென்சி தன் தொழிலாளியா எடுத்து, 420 சம்பளம், இ.பி.எஃப். தனின்னு எழுத்துல குடுத்தா, எடுத்துக்கலாம் தம்பி. இன்வாய்ஸ்னா 480 கேளுங்க. 437-க்குக் கீழ வந்தா இருக்கற வேலையை விடாதீங்க.