முகநூலில் உங்கள் நண்பர் பட்டியல் யார் கண்ணில் படுகிறது?

வணக்கம். முகநூலில் எதையாவது எழுதும்போது, அதை யார் பார்க்கலாம் என்பதைப் பலர் கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அப்படிக் கவனமாக இருப்பவர்களின் பக்கத்தைத் திறந்தால்கூட, அவர்களுடைய நண்பர்கள் யார் யார் என்ற முழுப் பட்டியலும் முன்பின் தெரியாதவர்களுக்கும் விரிந்து கிடப்பதைக் காணலாம். அந்தப் பட்டியலைப் பற்றியும், அதன் அருகிலேயே இருக்கும் பின்தொடர்பவர்கள் பட்டியலைப் பற்றியும் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

திரையில்: ஒரு முகநூல் பக்கத்தின் மேற்பகுதி. பெயருக்குக் கீழே நண்பர்களின் எண்ணிக்கை.

முதலில் நட்பு. ஒருவர் கோரிக்கை அனுப்பி, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் முகநூலில் நட்பு உருவாகும். இருவரும் சம்மதித்த உறவு என்பதால் அது இருவருடைய பட்டியலிலும் இடம்பெறுகிறது, “நண்பர்களுக்கு மட்டும்” என்று வைத்த பதிவுகள் இரு பக்கமும் திறக்கின்றன. ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 5,000 நண்பர்கள் என்ற வரம்பும் உண்டு.

பின்தொடர்தல் ஒருவழிப் பாதை. முகநூல் இதை 2011-இல் வேறு பெயரில் அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டு ‘ஃபாலோ’ என்று மாற்றியது. பின்தொடர்பவருக்கு உங்களுடைய பொதுப் பதிவுகள் மட்டுமே கிடைக்கும். நண்பர்களுக்கென்று நீங்கள் வைத்தவை கிடைக்காது. நட்பு ஏற்பட்டவுடன் இருவரும் ஒருவரையொருவர் தானாகவே பின்தொடரத் தொடங்குவதால், இவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அவை தனித்தனி. ஒரு நண்பரின் பதிவுகள் உங்களுக்கு வேண்டாம் என்றால், நட்பை நீக்காமலேயே பின்தொடர்வதை மட்டும் நிறுத்திவிடலாம். அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது, ஆனால் உங்கள் பதிவுகளை அவர் முன்போலவே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு நேர்மாறான இன்னொரு நிலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம் என்று உங்கள் கணக்கு அமைந்திருந்தால், உங்களுக்கு நட்புக் கோரிக்கை அனுப்புகிறவர் அந்தக் கணத்திலிருந்தே உங்களைப் பின்தொடர்பவராகவும் ஆகிவிடுகிறார். கோரிக்கையை நீங்கள் ஏற்காமல் கிடப்பில் போட்டாலும் உங்கள் பொதுப் பதிவுகள் அவருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். தங்கள் பக்கத்தில் தெரியாத பெயர்கள் பின்தொடர்பவர்களாக இருப்பதைக் கண்டு திகைப்பவர்கள் பலருக்கும் காரணம் இதுதான். வருமானம் கிடைக்கும் என்று புரொஃபஷனல் மோடை இயக்கியவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது இயங்கும்போது எவரும் உங்களைப் பின்தொடர முடியும்.

இனி, நண்பர் பட்டியல் திறந்திருப்பதால் என்ன நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். மதுரையில் பணியாற்றும் ஓர் ஆசிரியைக்கு முகநூலில் 640 நண்பர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய உறவினர்கள், உடன் பணிபுரிபவர்கள், பழைய மாணவர்களின் பெற்றோர் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், பட்டியல் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு மோசடிக்காரர் அவருடைய முகப்புப் படத்தை எடுத்து, அதே பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்குகிறார். பெயரும் படமும் மட்டும் கையில் இருந்தால் அவரால் எதையும் செய்ய முடியாது. அந்த முகத்தை நம்பக்கூடியவர்கள் யார் என்பது தெரிந்தாக வேண்டும். அதை அந்தத் திறந்த பட்டியல் சொல்லிவிடுகிறது. பட்டியலில் உள்ளவர்களுக்கு வரிசையாகக் கோரிக்கை அனுப்புகிறார். டீச்சர் பழைய கணக்கின் பாஸ்வேர்டை மறந்திருப்பார் போலும் என்று நினைத்து, முதலில் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த ஒன்பது பேரையும் நண்பர்களாகக் கொண்ட பத்தாவது ஆளுக்குக் கோரிக்கை போகும்போது, “9 பொது நண்பர்கள்” என்ற வரியும் கூடவே போகிறது. போலிக் கணக்கு உண்மையானதாகத் தோற்றம் பெறுவது அந்த வரியினால்தான்.

அதன் பிறகு மெசஞ்சரில், “ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக 15,000 ரூபாய் ஜிபே செய்ய முடியுமா, நாளைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்” என்று செய்தி வரும். தன் நண்பர் சி.ஆர்.பி.எஃப். அதிகாரி என்றும், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதால் வீட்டுச் சாமான்களைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார் என்றும் சொல்லி முன்பணம் கேட்பது, இந்தியாவில் பரவலாக நடக்கும் இன்னொரு வகை. ஆபாச வீடியோ அழைப்பில் சிக்க வைத்து மிரட்டுகிறவர்களும் இதே பட்டியலைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறவினர்களின் பெயர்கள் இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, இவர்களுக்கெல்லாம் வீடியோவை அனுப்பிவிடுவோம் என்று அச்சுறுத்துகிறார்கள்.

உயிர் ஆபத்து உள்ள இடங்களில் இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2021 ஆகஸ்ட் மாதம் ஒரு சான்று. தலிபான்கள் காபூலைக் கைப்பற்றியதும், ஆப்கானிஸ்தானில் உள்ள கணக்குகளின் நண்பர் பட்டியலைப் பார்க்கவும் அதில் தேடவும் முடியாதபடி முகநூல் தற்காலிகமாக மூடிவைத்தது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது உக்ரைனிலும் அதையே செய்தது. ஒருவர் யாரோடு பழகினார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டாக மாறக்கூடிய சூழலில், பதிவுகளை அழிப்பது மட்டும் போதுமானதாக இல்லை.

இப்போது மறைக்கும் முறைக்கு வருவோம்.

திரையில்: கைபேசிச் செயலி. மூன்று கோடுகள் உள்ள மெனு திறக்கிறது.

மெனுவில் Settings & privacy என்பதைத் தொட்டு, அதற்குள் Settings என்பதைத் திறக்க வேண்டும். கீழே இறங்கினால் How people find and contact you என்ற பகுதி இருக்கும். அதில் Who can see your friends list? என்ற கேள்விக்கு எதிரே உங்கள் இப்போதைய தேர்வு தெரியும். Public என்று இருந்தால் எவரும் பார்க்கலாம். Friends என்று இருந்தால் உங்கள் நண்பர்கள் எல்லோரும் பார்க்கலாம். பலரும் Friends போதும் என்று நின்றுவிடுகிறார்கள். என்னுடைய கருத்தில் அது போதாது, ஏனென்றால் நாம் பார்த்த மோசடிக்காரர் உங்கள் பட்டியலுக்குள் ஒரே ஒரு போலிக் கணக்கின் மூலம் நுழைந்துவிட்டால், அவரும் உங்கள் நண்பர்தான். ஆகவே Only me என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலை ஒரு சிலர் மட்டும் பார்க்க வேண்டும் என்றால், குறிப்பிட்ட நண்பர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

பின்தொடர்பவர்களுக்கான அமைப்பு இதில் இல்லை. அதற்கு Settings பக்கத்துக்குத் திரும்பி, Followers and public content என்ற பகுதியைத் திறக்க வேண்டும். யார் உங்களைப் பின்தொடரலாம், உங்களைப் பின்தொடர்பவர்களின் பட்டியலை யார் பார்க்கலாம், நீங்கள் பின்தொடர்பவர்களை யார் பார்க்கலாம் என்று அங்கே தனித்தனியாகக் கேட்கப்படுகிறது. பொதுவெளியில் எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் முதல் கேள்விக்கு Friends என்று மாற்றிவிடலாம். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். நீங்கள் எந்தக் கட்சியை, எந்த மதக் குழுவை, எந்த மருத்துவரைப் பின்தொடர்கிறீர்கள் என்பது உங்களைப் பற்றி நிறையவே சொல்லிவிடும்.

Only me என்று மாற்றிய பிறகும் சில இடங்களில் உங்கள் நட்புகள் தெரியத்தான் செய்யும். அது அமைப்பின் கோளாறு அல்ல. நட்பு இருவருடையது என்று தொடக்கத்தில் சொன்னோம். உங்கள் பக்கத்தில் நீங்கள் பட்டியலை மூடலாம், ஆனால் உங்கள் தம்பி தன் பட்டியலைத் திறந்து வைத்திருந்தால் அதில் உங்கள் பெயரும் படமும் இருக்கும். பொது நண்பர்களை மறைக்கவும் வழி கிடையாது: உங்கள் நண்பர்களில் பன்னிரண்டு பேர் ஒருவருக்கும் நண்பர்களாக இருந்தால், அவர் உங்கள் பக்கத்துக்கு வரும்போது அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் காண்பார். மேலும், “உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்” என்று முகநூல் காட்டும் பரிந்துரைகளிலிருந்து மறைத்த நண்பர்களையும் ஊகிக்க முடியும் என்பதை 2013-இலேயே பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் விளக்கிக் காட்டியிருக்கிறார்.

நாமே திறந்து வைக்கும் வாசல்களும் உண்டு. நடப்பு முகப்புப் படம் எல்லோருக்கும் தெரியும். பொதுப் பதிவாக இருக்கும் ஒரு படத்தின் கீழே “சூப்பர் அக்கா”, “சித்தி, எப்போது ஊருக்கு வருகிறீர்கள்?” என்று வரும் கருத்துகளைப் படிப்பவருக்கு, நண்பர் பட்டியலைவிடக் கூடுதலான தகவலே கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கும், இங்கே உறவுமுறையும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. பழைய முகப்புப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றைப் பார்ப்பவர்களை Friends என்று மாற்றுவது சற்று நேரம் பிடிக்கும் வேலை; ஆனாலும் செய்யத் தகுந்தது. சுயவிவரத்தில் குடும்ப உறுப்பினர்களைக் குறிப்பிடும் பகுதிக்கும் தனி அமைப்பு இருக்கிறது. நண்பர் பட்டியலை மூடுவதால் அது தானாக மூடிக்கொள்ளாது.

இந்தியாவில் 2020 மே மாதம் அறிமுகமான சுயவிவரப் பூட்டு வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நண்பர் அல்லாதவர்களைத் தடுத்து நிறுத்தும் பூட்டு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் நண்பர்கள் எதைப் பார்க்கலாம் என்பதை அது தீர்மானிக்காது என்பதால், பூட்டியவர்களும் பட்டியல் அமைப்பைத் தனியாக மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, மாற்றங்கள் சரியாக அமைந்தனவா என்று சரிபார்க்கும் முறை. உங்கள் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு View As என்பதைத் தேர்ந்தெடுத்தால், முன்பின் தெரியாத ஒருவருக்கு உங்கள் பக்கம் எப்படித் தோன்றும் என்பது தெரியும். ஆனால் உங்கள் நண்பர் ஒருவரின் கண்ணில் அது எப்படித் தெரிகிறது என்பதை இதில் பார்க்க முடியாது. அதற்கு உங்களோடு பொது நண்பர்கள் அதிகம் இல்லாத ஒரு நண்பரிடம், உங்கள் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பட்டியல் இன்னும் தெரிகிறது என்று அவர் சொன்னால் உடனே கவலைப்பட வேண்டாம். அவர் அனுப்பிய பெயர்களைப் பாருங்கள். அத்தனையும் இருவருக்கும் பொதுவானவர்களின் பெயர்களாகவே இருந்தால் அமைப்பு சரியாக வேலை செய்கிறது. அவருக்கு நண்பராக இல்லாத ஒருவரின் பெயர் அதில் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த மாற்றம் பதிவாகவில்லை. மீண்டும் How people find and contact you பகுதிக்குள் சென்று பாருங்கள்.