கால் போனால் கல் வைக்கலாமா?

“ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழில் கால் எது, கல் எது என்றே தெரியாது. இது எங்களுக்குக் குழப்பமில்லாமல் புரிகிறது என்று சொல்பவர்கள், கால் உடைந்தவனுக்குச் செங்கல் அனுப்பி வைப்பார்கள்.” (எதிரணித் தலைவர்)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கொடுத்திருப்பது சில நிமிடங்கள். அதை வணக்கத்திலேயே செலவழிக்க விருப்பமில்லை.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு கதை சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எதிரணி சொன்னதற்குச் சிரிக்கக் கூடாது என்று எங்கள் அணி அம்மையார் என் காலை மிதித்தார். காலைத்தான், கல்லை அல்ல.

தாமதமாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்காக அந்தக் கதையை நான் மறுபடியும் சொல்லிவிடுகிறேன். ஐயா அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார். நல்ல கதையை அப்படிச் சொல்வது பாவம்.

ஒரு கொத்தனார். கட்டட வேலை நடக்கிறது. மேஸ்திரி வேறு இடத்தில் இருக்கிறார். கொத்தனார் கைப்பேசியை எடுத்து ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்: "kal udainthuvittathu". மேஸ்திரி பார்க்கிறார். அன்று காலையில்தான் செங்கல் லோடு இறங்கியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறார்: "ethanai?"

எத்தனை! கொத்தனாருடைய மனநிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மனிதனுக்கு இருப்பதே இரண்டு. அதில் எத்தனை என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்! கண் கலங்கப் பதில் அடிக்கிறார்: "onru". மேஸ்திரிக்கு நிம்மதி. ஒரு லோடில் ஒன்றுதான் உடைந்திருக்கிறது. உடனே ஆறுதல் சொல்கிறார்: "paravayillai, veru onru vaithukkollalam."

பரவாயில்லையாம். வேறு ஒன்று வைத்துக்கொள்ளலாமாம். கொத்தனார் கைப்பேசியைப் பார்க்கிறார். காலைப் பார்க்கிறார். மறுபடியும் கைப்பேசியைப் பார்க்கிறார். இத்தனை வருடம் இந்த மனிதனிடமா வேலை செய்தோம்?

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கைதட்டல் ஐயாவுக்குச் சேர வேண்டியது. அவர் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா குழப்பத்தை என்று உட்கார்ந்துவிட்டார். கால் உடைந்தவன் அதோடு சும்மா இருந்துவிடுவானா? அவர் சொல்லாமல் விட்ட அடுத்த வரியை நான் சொல்கிறேன். கொத்தனார் அடித்தார்: "nadakka mudiyavillai". எந்தச் செங்கலும் நடப்பதில்லை. குழப்பம் அங்கே முடிந்தது.

என்ன நடுவர் அவர்களே? அந்த வரி எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் சொன்ன நான்கு வரிகளுக்குச் சாட்சி கேட்டீர்களா? என்னுடைய ஒரு வரிக்கு மட்டும் கேட்கிறீர்களே!

அந்த முதல் வரிக்கு வருகிறேன். அதில் "en" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். என் செங்கல் உடைந்துவிட்டது என்று எந்தக் கொத்தனாரும் உரிமை கொண்டாடமாட்டார். யாருடைய கால் என்று சொல்லாமல் விடுவதைத் தமிழ் பொறுத்துக்கொள்கிறது. நல்ல எழுத்தில், முத்து முத்தாகத் தமிழில் எழுதினாலும் விடுவோம். அப்போது கால் என்று இருப்பதால் தப்பிக்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் அணித் தம்பி எழுந்து, “இடம் பார்த்துப் படித்தால் எல்லாம் புரியும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாதி சரி. ஆனால், தம்பி, மேஸ்திரியும் இடம் பார்த்துத்தானே ஏமாந்தார்! செங்கல் இறங்கிய இடம், கொத்தனார், கல். இடத்தை மட்டும் நம்பினால் அப்படித்தான் ஆகும். நாம் இடத்தை மட்டும் பார்த்துப் படிப்பதில்லை என்பதுதான் என் கட்சி.

ஐயா தமிழாசிரியர். அவர் முன்னால் நன்னூலைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். ‘தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்.’ கல்லோடு ஐ சேர்ந்தால் கல்லை. காலோடு ஐ சேர்ந்தால் காலை. குறிலுக்குப் பின்னால் நின்ற மெய் இரண்டானது, நெடிலுக்குப் பின்னால் நின்றது ஒன்றாகவே இருந்தது. இப்போது இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: "kallai", "kalai". நெடிலைக் காட்ட a இரண்டு போடும் பொறுமை யாருக்கும் இல்லை. ஆனால் l இரண்டா ஒன்றா என்பதில் கை தவறுவது குறைவு, ஏனென்றால் அது காதில் அப்படி விழுகிறது. l இரண்டு இருந்தால் முன்னால் இருப்பது குறில். "pallil" என்றால் பல்லில், "palil" என்றால் பாலில். பேச்சில் கல்லு, பல்லு, முள்ளு என்று உகரம் சேரும்போதும் இதே கதைதான்.

ஐயா, அந்த மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்திருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்? "kala, kalla?" என்று கேட்டிருப்பார். காலா, கல்லா? பாருங்கள், அங்கேயே பிரிந்துவிட்டது! மேஸ்திரி நன்னூல் படிக்கவில்லை. பவணந்தி முனிவர் கைப்பேசியைப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே விதியில் நிற்கிறார்கள்.

ஆனால் "kalai" என்பது கலையாகவும் களையாகவும் காளையாகவும்கூட இருக்கலாமே என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். இருக்கலாம். அதற்கு நன்னூல் விதி உதவாது. வினைமுற்று உதவும். zh போடத் தெரியாதவர் எழுதும் "malai" என்ற எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை, மாலை, மழை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. "malai varuven" என்றால் வருவது நான், ஆகவே மாலை. "malai varum" என்றால் மழை. "malai erinen" என்றால் மலை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வரும்போது, யார் செய்தது என்ற முத்திரையோடு வருகிறது. அதுவரை நம் மனம் மூன்று சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, விகுதியைப் பார்த்ததும் இரண்டைக் கீழே போட்டுவிடுகிறது. இத்தனையும் கண் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் நடந்து முடிகிறது.

எதிரணி அம்மையார் ஒருவர், ‘நன்றி’யை "nandri" என்கிறார்கள், "nanri" என்கிறார்கள், "nandree" என்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். அம்மா, இங்கே வழக்கு ஒரு கூட்டலுக்குப் பல சொற்கள். நீங்கள் கொண்டுவந்தது ஒரு சொல்லுக்குப் பல கூட்டல்கள். உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் மன்றம் மாறி வந்துவிட்டீர்கள்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்குகிறார். என்ன ஐயா? "padam mudinthatha?" என்று பேரனுக்குச் செய்தி வந்ததாம். படமா, பாடமா, எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார். நல்ல கேள்வி. இரட்டிப்பு இல்லை, விகுதியும் இரண்டுக்கும் பொருந்துகிறது. அந்த வரியை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால் என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் வரி தனியாக வருவதில்லை, அனுப்பியவர் பெயரோடு வருகிறது. அம்மா அனுப்பினால் பாடம். நண்பன் அனுப்பினால் படம். உங்கள் பேரன் இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்று ஒரே பதில் அனுப்பியிருப்பானே, அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை, ஐயா!

எதிரணித் தலைவர் கடைசியாக ஒரு குத்து விட்டார். நம் முன்னோர் இப்படியா எழுதினார்கள் என்று கேட்டார். இப்படித்தான் எழுதினார்கள், ஐயா! ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. இன்று நாம் எழுதும் ஏகார, ஓகார வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தில் வந்தவை. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பாவை என்று எழுதினாலும் பரவை என்று எழுதினாலும் ஓலையில் ஒரே உருவம். பெண்ணா, கடலா என்று படிப்பவர்தான் முடிவு செய்தார். ஆங்கில எழுத்து வருவதற்கு முன்பே நாம் இந்த வித்தையில் தேர்ந்தவர்கள்.

ஐயா எழுந்துவிட்டார். “அதனால்தானே பாடபேதம் வந்தது, உ.வே. சாமிநாதையர் சுவடி சுவடியாக ஒப்பிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது எதற்காக?” என்கிறார். இது கனமான கேள்வி. ஓலை எழுதியவரைத் திருப்பிக் கேட்க முடியாது, அரட்டையில் கேட்கலாம் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது முழுப் பதில் இல்லை என்று ஐயா முகமே சொல்கிறது. போகட்டும், அதை எங்கள் அணியில் அடுத்து வருபவர் பார்த்துக்கொள்வார். எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும்.

என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயம். நான் வெளியூரில் இருந்தேன். தமிழ் விசைப்பலகை அவருக்குக் கைவரவேயில்லை. ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். zh என்பது அவர் கணக்கிலேயே கிடையாது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "vali illai" என்று பதில் வந்தது.

வலி இல்லை என்றும் படிக்கலாம், வழி இல்லை என்றும் படிக்கலாம். நான் ஒரு நொடியும் தடுமாறவில்லை. அப்பா சாதாரணக் காய்ச்சலுக்கே நீளமாக எழுதுபவர். மாத்திரை கசந்தது, ஊசி போட்டவர் கை கனம், பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை என்று எல்லாம் வரும். அன்றைக்கு இரண்டே சொல். வலி இல்லை என்று எழுதியிருக்கிறார், வலி இருக்கிறது என்று படித்தேன். அன்று இரவே பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டார். “எதற்கடா வந்தாய்? வலி இல்லை என்றுதானே எழுதினேன்?” என்றார். “வழி இல்லை என்று படித்துவிட்டேன், அப்பா. கையில் பணம் இல்லையோ என்று பயந்து வந்தேன்” என்றேன். நம்பிவிட்டார். இந்த எழுத்தில் தமிழ் அடித்தால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அங்கே இருந்த நான்கு நாளும் என்னிடம் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மனிதருக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது!

எதிரணித் தலைவர் குறிப்பு எடுக்கிறார். அப்பா நம்பினார் அல்லவா, அப்படியென்றால் குழப்பம் உண்டு என்று ஒப்புக்கொண்டாயா என்று தீர்ப்புரைக்கு முன் எழுந்து கேட்பார். கேளுங்கள், ஐயா. மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.