கடைக் கதவில் ஒட்டும் இடமாற்ற அறிவித்தல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். மலையக நகரமொன்றில் அச்சு வேலையும் பெயர்ப்பலகை எழுதும் வேலையும் செய்து வருபவன் என்ற முறையில், கடையொன்று வேறு இடத்துக்குப் போகும்போது அதன் கதவில் ஒட்டப்படும் அறிவித்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தத் தாளில் வருவது நான்கைந்து வரிகள்தான். ஆயினும் அவற்றில் எதை முதலில் எழுதுவது, எந்தத் திகதியைக் குறிப்பிடுவது, தாளை எங்கே ஒட்டுவது என்பவற்றைச் சரியாகத் தீர்மானிக்காவிட்டால், வாடிக்கையாளர் பழைய கதவின் முன் வந்து நின்றுவிட்டு வீடு திரும்பிவிடுவார்.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். அது ஹட்டனில் இருக்கலாம், தலவாக்கலையில் இருக்கலாம், பண்டாரவளையிலும் இருக்கலாம். பிரதான வீதியில் இருக்கும் அந்தக் கடை, அதே நகரத்தில் கோவில் வீதிக்கு மாறப்போகிறது. அதற்குத் துணி தைக்கக் கொடுப்பவர்களில் பெரும் பகுதியினர் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து வருபவர்கள். அவர்கள் நாள்தோறும் அந்தக் கதவைக் கடந்து போகிறவர்கள் அல்லர். பெரும்பாலான தோட்டங்களில் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைக்கும். அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில்தான் அவர்கள் பஸ் ஏறி நகரத்துக்கு வருவார்கள். ஆகையால் அறிவித்தல் எத்தனை நாட்கள் கதவில் இருந்தது என்பதைக் காட்டிலும், எத்தனை சம்பள ஞாயிறுகளில் இருந்தது என்பதையே நாம் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் முன்னதாக ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இரண்டு வாரங்களுக்குள் சம்பள ஞாயிறு ஒன்றும் வராமல் போனால், மாதம் ஒரு முறை வருபவரின் கண்ணில் அது படவே படாது.

2026ஆம் ஆண்டை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓகஸ்ட் 10ஆம் திகதி திங்கட்கிழமை, அதை அடுத்த ஞாயிறு ஓகஸ்ட் 16. செப்டெம்பர் 10ஆம் திகதி வியாழக்கிழமை, அதை அடுத்த ஞாயிறு செப்டெம்பர் 13. இந்தத் தையல் கடை செப்டெம்பர் 13ஆம் திகதியையே பழைய இடத்தின் கடைசி வேலை நாளாக வைத்துக்கொண்டு, ஓகஸ்ட் 16க்கு முன்னரே அறிவித்தலை ஒட்டிவிட்டால், கடை மூடுவதற்குள் இரண்டு சம்பள ஞாயிறுகள் கிடைக்கின்றன. முதல் ஞாயிறில் வருபவர் விடயத்தை அறிகிறார். இரண்டாவது ஞாயிறில் வருபவர் தைத்த துணியைப் பெற்றுக்கொண்டே போகலாம். மாத நடுவில் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமையை விட இந்த ஞாயிறைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆண்டில் தீபாவளி நவம்பர் 8ஆம் திகதி வருவதால், ஒக்டோபரில் குவியும் தையல் வேலைக்கு முன்பே புதிய இடத்தில் நிலைகொள்ளவும் இது உதவும்.

இனி வாசகத்துக்கு வருவோம். நம் நகரங்களில் காணப்படும் இத்தகைய அறிவித்தல்களில் பல, "இக்கடை மூடப்படுகிறது" என்ற பெரிய எழுத்துகளுடன் தொடங்குகின்றன. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர் முதல் வரியை மட்டுமே வாசிப்பார். வாசித்தவுடன் வியாபாரமே முடிந்துவிட்டது என்று எண்ணி வேறு தையற்காரரைத் தேடிப் போய்விடுவார். வேறு சிலர் "பல்லாண்டு காலமாக எமக்கு ஆதரவு நல்கிய அன்பான வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கி, நன்றியிலேயே பாதித் தாளை நிரப்பிவிடுவார்கள். நன்றி சொல்வதில் குறையொன்றுமில்லை. ஆனால் அது தாளின் அடியில் ஒரே வரியில் இருக்கட்டும். இடம் மாறுவதற்கான காரணத்தை எழுதத் தேவையே இல்லை. வாடகை கூடியது, கட்டடச் சொந்தக்காரருடன் மனத்தாங்கல் ஏற்பட்டது போன்றவை கதவில் இடம்பெறக் கூடாதவை. அவை எவருக்கும் வழிகாட்டுவதில்லை. அதோடு அந்தத் தாளை அங்கேயே விட்டுவைக்கச் சொந்தக்காரரின் சம்மதம் நமக்குத் தேவைப்படும்.

அந்தத் தையல் கடைக்கு நான் எழுதிக் கொடுக்கக்கூடிய வாசகத்தை நிதானமாக வாசிக்கிறேன்.

இடம் மாறுகிறோம்.
இந்தத் தையல் கடை புதிய இடத்தில் தொடர்ந்து இயங்கும்.
புதிய முகவரி: இல. 31, கோவில் வீதி, மேல்மாடி. தபாலகத்துக்கு நேர் எதிரே.
இங்கே கடைசி வேலை நாள்: 2026 செப்டெம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணி வரை.
அங்கே திறக்கும் நாள்: 2026 செப்டெம்பர் 16, புதன்கிழமை, காலை 9 மணி.
தைக்கக் கொடுத்த துணிகளைச் செப்டெம்பர் 16 முதல் புதிய கடையில் பெற்றுக்கொள்ளலாம்.

இதன் கீழே தொலைபேசி எண் வரும். அது கடைக்காரரின் கையோடு போகும் கைத்தொலைபேசி எண்ணாக இருக்க வேண்டும். பழைய கட்டடத்தோடு நின்றுவிடக்கூடிய இணைப்பின் எண்ணை எழுதினால், யாரும் இல்லாத அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்.

திகதி வரியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். "13ஆம் திகதி முதல் மூடப்படும்" என்று எழுதினால் 13ஆம் திகதி கடை இல்லை என்று பொருள். "13ஆம் திகதி வரை திறந்திருக்கும்" என்று எழுதினால், அந்த நாளும் சேருமா சேராதா என்று ஐயுறுபவர்கள் இருக்கிறார்கள். "கடைசி வேலை நாள்" என்று எழுதி, கிழமையையும் மூடும் நேரத்தையும் அதனுடன் சேர்த்துவிட்டால் இரண்டு குழப்பங்களும் நீங்கிவிடும். கிழமை எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. திகதியை எழுதியவர் தவறு செய்திருந்தால், கிழமை பொருந்தாமல் போவதைக் கொண்டு ஒட்டுவதற்கு முன்னரே அதைக் கண்டுபிடித்துவிடலாம். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயராலேயே எழுத வேண்டும். ஏனெனில் 9, 10 என்ற இரண்டு எண்களைச் சாய்கோடு இட்டு எழுதினால் ஒருவர் ஒக்டோபர் 9 என்றும், மற்றவர் செப்டெம்பர் 10 என்றும் வாசிப்பார். "அடுத்த வாரம்", "விரைவில்" ஆகியவை கதவுக்கு உதவாத சொற்கள், ஏனெனில் தாள் என்று ஒட்டப்பட்டது என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. திறக்கும் நாளைப் பொறுத்தவரை, புதிய கடைக்கு மின்சாரம் கிடைத்து, தையல் இயந்திரங்கள் ஓடும் என்பது உறுதியான பின்னரே அதை எழுத வேண்டும். உறுதியில்லாவிட்டால் அந்த வரியை விட்டுவிட்டு, தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுமாறு எழுதுவதே நேர்மை. அப்போது துணி பெறும் வரியிலும் திகதி இருக்கக் கூடாது.

முகவரியில் இலக்கத்தை மட்டும் நம்ப முடியாது. மலைச்சரிவில் கட்டப்பட்ட நம் நகரங்களில், முன்வீதியில் இருந்து பார்க்கும்போது கீழ்த்தளமாக இருப்பது, பின்வீதியில் இருந்து வருபவருக்கு மாடியாக இருக்கும். அதனால் "மேல்மாடி" என்று எழுதும்போது அது எந்த வீதியில் இருந்து ஏறும் மாடி என்பது வீதிப் பெயரில் தெளிவாக வேண்டும். இரண்டு வீதிகளையும் இணைக்கும் படிக்கட்டு இருந்தால் அதையும் குறிப்பிடலாம். "இடப்பக்கம்", "வலப்பக்கம்" என்பவற்றைத் தவிர்த்துவிடுவது நல்லது. கதவைப் பார்த்து நின்று வாசிப்பவருக்கும் வீதியைப் பார்த்து நிற்பவருக்கும் அவை மாறிவிடும். அடையாளமாக இன்னொரு கடையைக் காட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது, அந்தக் கடையும் நாளை மாறிப் போகலாம். தபாலகம், கோவில், பள்ளிவாசல், பாடசாலை போன்று இடம் மாறாதவற்றையே காட்ட வேண்டும்.

நகரத்தில் சிங்கள வாடிக்கையாளர்களும் இருப்பதால், அதே விடயம் அதே தாளில் சிங்களத்திலும் இருப்பது அவசியம். இரண்டு தனித் தாள்களாக ஒட்டினால் ஒன்று கிழிந்து மற்றொன்று தங்கிவிடும். சிங்களத்தை நன்கு எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவித்து, இரண்டு மொழிகளிலும் திகதியும் இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விரல் வைத்து ஒப்பிட வேண்டும். திருத்தம் செய்யும்போது ஒரு மொழியில் திகதியை மாற்றிவிட்டு மறு மொழியில் மறந்துவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை.

அடுத்தது ஒட்டும் இடம். நம் கடைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுருள் தகரக் கதவு இருக்கிறது. கடை திறந்திருக்கும்போது அந்தக் கதவு மேலே சுருண்டு போய்விடுவதால், அதில் ஒட்டிய தாள் பகலில் தெரியாது. உள்ளே இருக்கும் கண்ணாடியில் ஒட்டினாலோ, கடை மூடிய பிறகு தகரக் கதவு அதை மறைத்துவிடும். ஆகவே ஒரே தாளை நம்பாமல், திறந்த நேரத்துக்குக் கண்ணாடியில் ஒன்றும், மூடிய நேரத்துக்குக் கதவின் ஓரத் தூணில் ஒன்றும் இருக்க வேண்டும். தூணில் ஒட்டுவது கண் உயரத்தில் இருக்கட்டும். முதல் வரியின் எழுத்துகள் ஏறத்தாழ 2.5 சென்டிமீற்றர் உயரம் இருந்தால், மூன்று மீற்றர் தொலைவில் நிற்பவரும் வாசிக்கலாம். இதற்கு A4 தாள் போதாது, A3 வேண்டும்.

மழையையும் மறக்கக் கூடாது. மேற்குச் சரிவில் உள்ள ஹட்டன், நுவரெலியா பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நீடிப்பதால், நாம் கணக்கிட்ட ஓகஸ்ட் மாதம் ஈரமான மாதமே. மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தில் எடுத்த தாள் ஒரே சாரலில் கரைந்து ஓடிவிடும். தூள் மையில் அச்சாகும் இயந்திரத்தில் எடுத்தோ, போட்டோப் பிரதி எடுத்தோ, அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையின் திறந்த வாய் கீழ்ப்பக்கம் இருக்குமாறு ஒட்டினால் தண்ணீர் உள்ளே தேங்காது. ஒட்டும் சுவரைத் துணியால் துடைத்து, உலர்ந்த பகல் வேளையில் ஒட்ட வேண்டும். பனி படிந்த காலையில் ஒட்டிய நாடா மாலைக்குள் உரிந்து விழுந்துவிடும்.

தாள் தயாரானதும் கடையைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரை அழைத்து, ஒரு முறை வாசிக்கச் சொல்லி, தாளை மறைத்துவிட்டு, "செப்டெம்பர் 14ஆம் திகதி துணி வாங்க எங்கே போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று இரண்டு இடங்களிலும் கடை இல்லை, 16ஆம் திகதி கோவில் வீதிக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னால் வாசகம் சரி. தடுமாறினால் அவர் தடுமாறிய வரியைத் திருத்த வேண்டும்.

கடைசி வேலை நாள் மாலையில் அந்தத் தாளின் பணி முடிந்துவிடுகிறது. "மாறுகிறோம்" என்ற சொல்லும் கழிந்துபோன திகதியும் அதன் பிறகு குழப்பத்தையே தரும். எனவே இரண்டாவது தாளொன்றை முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்து, அன்று கதவை இறக்கியவுடன் தூணிலும், இனித் திறக்கப்படாத அந்தக் கதவிலும் ஒட்ட வேண்டும். அதில் "இடம் மாறிவிட்டோம்" என்ற வரி, புதிய முகவரி, அங்கே திறக்கும் நாள், துணி பெறும் வரி, தொலைபேசி எண் ஆகியவை போதும். இந்தத் தாள் அடுத்த சம்பள ஞாயிறான ஒக்டோபர் 11 கழியும் வரையாவது இருக்க வேண்டும். புதிதாக வாடகைக்கு வருபவர் கதவுக்குச் சாயம் பூசும்போது அதை உரித்துவிடுவார். அதனால் சாவியை ஒப்படைக்கும்போதே கட்டடச் சொந்தக்காரரிடம் அந்தத் திகதியைச் சொல்லி, தூணில் உள்ள தாளை அதுவரை விட்டுவைப்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.